நாக்கின் பின்பாதி



நூம்பலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். கடிதத்தின் மேலே, ‘பெயர் போட வேண்டாம்’ என்று அடிக்கோடிட்டிருந்தார். வேலப்பன்சாவடியில் பஸ் ஏறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர். ஏற்றுமதி ஆடை தைக்கும் கம்பெனி ஒன்றில் தையல் மெஷின் வேலை. அவருடைய கவலை வாய் நாற்றம்.

காலையும் இரவும் பல் துலக்குகிறார். பேஸ்ட் மாற்றிப் பார்த்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் ‘வயித்துக் கோளாறா இருக்கும்’ என்று சொல்ல, வெறும் வயிற்றில் போடும் மாத்திரையையும் ஒரு மாதம் விழுங்கிவிட்டார். லைனில் பக்கத்து மெஷினில் உட்காரும் பெண் இவரிடம் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். ‘இதுக்கு மேல எத்தனை தடவைதான் பல்லைத் தேய்ப்பேன்?’ என்று கேட்டிருந்தார்.

இந்தக் கேள்வி நம் அலுவலகத்துக்கு அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் பெயரில்லாமல் வருகிறது. ஆகவே இந்த மாதம் என் பக்கத்தை முழுக்க இதற்கே கொடுத்துவிடுகிறேன்.

முதலில் வயிற்றை விடுவித்துவிடலாம். நம் ஊரில் வாய் நாறினால் பழி வயிற்றின் மேல்தான் விழும். சூடு, புண், வாயு, அஜீரணம் என்று ஒரு பெயர் கிடைத்துவிடும். உணவுக்குழாய் என்பது சாப்பிடும்போதும் ஏப்பம் விடும்போதும் தவிர மற்ற நேரத்தில் சுருங்கி மூடியிருக்கும் குழாய். வயிற்றின் வாடை சும்மா மேலே ஏறி வந்துகொண்டிருக்க வழியில்லை. புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் ஓயாமல் இருப்பவர்களுக்கு அது ஒரு காரணமாகலாம், அவர்கள் சிலர்தான்.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக மருத்துவமனையில் வாய் நாற்றத்துக்கென்றே தனி சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அங்கே வந்த 2000 பேரைப் பரிசோதித்த விவரத்தை 2009ல் வெளியிட்டார்கள். நான்கில் மூன்று பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே இருந்தது. அதிலும் பெரிய பங்கு நாக்கின் மேல் படியும் மாவுக்கு. நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேருக்கு அது ஒன்றே காரணம். ஈறு நோயும் நாக்குப் படிவும் சேர்ந்து இருந்தவர்கள் இன்னொரு பதினெட்டு பேர். மூக்கு, தொண்டை, உடம்பின் மற்ற நோய்கள் எல்லாம் இதற்குப் பிறகு, வெகு தூரத்தில்தான் வருகின்றன. அந்தப் பட்டியலில் எனக்கு வியப்பாக இருந்த இன்னொரு கூட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பாருங்கள். முன்பக்கம் இளஞ்சிவப்பாக இருக்கும். உள்ளே போகப் போக வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மாவு பூசியதுபோலத் தெரியும். நாக்கின் மேல்பரப்பு நெருங்கி முடைந்த கம்பளம் மாதிரி. நுண்ணிய நூல் முனைகள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. முன்பாதியை உணவும் பல்லும் மேலண்ணமும் நாளெல்லாம் உரசித் துடைத்துவிடுகின்றன. பின்பாதிக்கு அந்த உரசல் கிடைப்பதில்லை. வாயின் தோலிலிருந்து உதிரும் செத்த செல்கள், உணவுத் துணுக்கு, மூக்கின் பின்புறமிருந்து இறங்கும் சளி எல்லாம் அங்கே தங்குகின்றன.

அந்தப் படிவுக்கு அடியில் காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் மட்டுமே செழிக்கிற பாக்டீரியாக்களுக்கு அது சொந்த வீடு. செத்த செல்லிலும் சளியிலும் இருக்கும் புரதத்தை அவை உடைக்கின்றன. புரதத்தில் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் உண்டு. அவை உடையும்போது ஹைட்ரஜன் சல்பைடு வெளிவருகிறது. அழுகிய முட்டையில் வீசுவதும் அதே வாயுதான். கூடவே மீத்தைல் மெர்காப்டன் என்று இன்னொன்று. அது அழுகிய முட்டைக்கோஸ் வாடை. வாய் நாற்றத்தின் முதுகெலும்பு இந்தக் கந்தக வாயுக்கள் என்பதைக் கனடாவில் ஜோசப் டோன்செடிச் என்பவர் சென்ற நூற்றாண்டிலேயே அளந்து காட்டிவிட்டார்.

இப்போது நூம்பல் வாசகியின் கேள்விக்கு வரலாம். பிரஷ் போகும் இடம் பல். நாற்றம் பிறக்கும் இடம் நாக்கின் பின்பாதி. எத்தனை தடவை தேய்த்தாலும் இரண்டும் சந்திப்பதில்லை. பேஸ்ட்டின் புதினா மணம் அரை மணி நேரம் மூடி மறைக்கும். அதன் பிறகு பழைய கதை.

அவருடைய கைபேசி எண் கடிதத்தில் இருந்தது. கூப்பிட்டேன்.

‘‘நாக்கு வழிப்பீங்களாம்மா?’’

‘‘வழிப்பேன் அக்கா. முன்னாடி மட்டும். உள்ள விட்டா ஓங்கரிக்குது.’’

‘‘எந்த நேரத்துல ரொம்ப இருக்கு?’’

‘‘காலைல எழுந்ததும் இருக்கு. அப்புறம் பதினோரு மணிக்கு மேல. சாப்பிட்டா கொஞ்சம் குறையுது. சாயங்காலம் மறுபடியும்.’’

சாப்பிட்டால் குறைகிறது என்று அவர் சொன்னதில்தான் பாதி விடை இருக்கிறது. எச்சில் என்ற காவலாளியைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. அது வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறது; ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்க்கிறது; கிருமியை அடக்கும் பொருள்களும் அதில் உண்டு. தூங்கும்போது எச்சில் ஏறக்குறைய நின்றுவிடும். எல்லோருக்கும் விடிகாலையில் வாய் நாறுவது அதனால்தான். அது நோயல்ல. எழுந்து, வாய் கொப்பளித்து, காலை உணவை மென்று விழுங்கியதும் போய்விட வேண்டும். மெல்லும்போது எச்சில் ஊறுகிறது; உணவு நாக்கின் பின்புறத்தை உரசிக்கொண்டு இறங்குகிறது. காலைச் சாப்பாட்டை விடுபவர்களுக்கு இந்த இரண்டும் கிடைப்பதில்லை. ஆடி மாதம் திருவேற்காட்டுக் கருமாரியம்மனுக்கு விரதம் இருப்பவர்கள் மதியத்துக்கு மேல் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதன் காரணமும் இதுவே. விரதத்தில் தண்ணீருக்குத் தடையில்லை என்றால் அடிக்கடி ஒரு மடக்கு குடிக்கலாம்; தடை என்றால் கொப்பளித்துத் துப்பலாம்.

பகல் பதினோரு மணிக்கும் சாயங்காலமும் நாற்றம் ஏறுகிறது என்றால், அந்த நேரத்தில் வாய் உலர்கிறது என்று பொருள். ஏன் உலர்கிறது என்று கேட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொன்றாக வந்தது. எட்டு மணி நேர வேலையில் அவர் குடிப்பது அரை பாட்டில் தண்ணீர். ‘பாத்ரூம் போனா சூப்பர்வைசர் மணி பார்ப்பாரு. அதனால குடிக்கிறதே இல்ல.’ துணித் தூசி ஒத்துக்கொள்ளாமல் மூக்கடைப்பு; அதனால் வாயால் மூச்சு விடுகிறார். தும்மலுக்கு இரவில் ஒரு செட்ரிசின் மாத்திரை. பல மாதங்களாகத் தானே வாங்கிப் போட்டுக்கொள்கிறார். இடையில் இரண்டு முறை சர்க்கரை தூக்கலாக டீ.

இதில் தண்ணீர் குறைவை யாரும் ஊகித்துவிடுவார்கள். மாத்திரையைப் பலர் ஊகிப்பதில்லை. தும்மல், அரிப்புக்கான மாத்திரைகள் பல வாயை உலர்த்தும். நீர் பிரியச் செய்யும் ரத்த அழுத்த மாத்திரைகளும், மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் தரும் சில மாத்திரைகளும் அப்படியே. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் வாய் உலரும். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம், ‘வாய் காய்கிறது, வேறு மாத்திரை உண்டா, அளவைக் குறைக்கலாமா?’ என்று கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி அது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவரிடம் ஒரு சிறு சோதனை செய்யச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். காசு செலவில்லை. சாப்பிட்டு, பல் துலக்கி இரண்டு மணி நேரமாவது ஆன பிறகு, ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து நாக்கின் பின்புறத்தை மெதுவாகச் சுரண்டுங்கள். ஐந்து விநாடி விட்டு ஸ்பூனை மோந்து பாருங்கள். நாக்கிலிருந்து வரும் வாடை அதுதான். அடுத்து, பல்லிடுக்கில் நூல் விட்டு எடுத்து அதை மோந்து பாருங்கள். நாறினால், அல்லது நூலில் ரத்தம் பட்டிருந்தால், ஈறிலும் வேலை இருக்கிறது. உள்ளங்கையில் ஊதி மோந்து பார்ப்பது எதற்கும் உதவாது. நம் மூக்கு நம் வாடைக்குப் பழகிப்போயிருக்கும்.

மூன்றாவது சோதனைக்கு நம்பிக்கையான ஒருவர் வேண்டும். கணவரோ மனைவியோ அக்காவோ யாராக இருந்தாலும் சரி. மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் ஊதுங்கள். அவர் மோந்து சொல்லட்டும். பிறகு வாயை மூடி மூக்கால் ஊதுங்கள். வாயில் மட்டும் நாறினால் காரணம் வாயில் அல்லது தொண்டையில். மூக்கில் மட்டும் என்றால் சைனஸ் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே வாடை என்றால் அது நுரையீரலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ வருகிறது. குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றமும் சளியும் வந்தால், அநேகமாக அந்த மூக்குக்குள் ஒரு பாசிமணியோ பட்டாணியோ இருக்கிறது. நீங்களே தோண்டி எடுக்க முயலாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள்.

வாசகிக்கு ஸ்பூன் நாறியது. நூலில் கீழ்ப்பல் பக்கம் ரத்தம் தெரிந்தது. மூக்கால் ஊதியதில் வாடை இல்லை என்று கணவர் சொல்லியிருக்கிறார்.

நாக்கு வழிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் அதைத் தவறாகச் செய்கிறோம். நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து வீட்டில் இருக்கிற பழக்கம். செம்பிலோ ஸ்டீலிலோ ஒரு வளைந்த தகடு. வெளிநாட்டில் ஆய்வுகளைத் தொகுத்து 2006ல் வெளியான ஒரு மதிப்பீடு, நாக்கில் பிரஷ் போடுவதைவிட வழிப்பான் கந்தக வாயுவைச் சற்றுக் கூடுதலாகக் குறைக்கிறது என்று சொன்னது. அந்தப் பலன் வெகு நேரம் நிற்பதில்லை என்றும் அதே மதிப்பீடு சொன்னது. ஆக, இது தினமும் செய்ய வேண்டிய வேலை. ஒரு நாள் ரத்தம் வரச் சுரண்டினால் ஒரு வாரத்துக்குத் தாங்கும் என்று நினைக்கக் கூடாது.

நாக்கை நன்றாக நீட்டி, நுனியை ஒரு சுத்தமான துணியால் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே வழிப்பானை எவ்வளவு பின்னால் வைக்க முடியுமோ அங்கே வைத்து, அழுத்தாமல் முன்னால் இழுங்கள். மூச்சை விடும்போது குமட்டல் குறையும். ஒவ்வோர் இழுப்புக்கும் வழிப்பானைக் கழுவுங்கள். நாலைந்து முறை போதும். முதல் வாரம் ஓங்கரிக்கும். சாப்பிடும் முன் செய்தால் தொல்லை குறைவு. நாள் ஆக ஆகத் தொண்டை பழகிக்கொள்ளும், இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். காலையில் மட்டும் செய்கிறவர்கள் இரவிலும் செய்யுங்கள். எச்சில் வற்றும் எட்டு மணி நேரத்துக்கு முன்னால் பாக்டீரியாவுக்கு இரை வைக்காமல் படுப்பது புத்திசாலித்தனம். நாக்கு எரிந்தாலோ புள்ளி புள்ளியாகச் சிவந்தாலோ நீங்கள் அழுத்துகிறீர்கள். வழித்தும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் அது வேறு விஷயம். டாக்டர் பார்க்க வேண்டும்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பது பற்றிக் கேட்காமல் விட மாட்டீர்கள். தமிழ்நாட்டுப் பல் மருத்துவர் எஸ். அசோகனும் அவருடன் சேர்ந்தவர்களும் 2011ல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். வளரிளம் பருவத்தினர் 20 பேர். ஒரு பகுதியினருக்கு நல்லெண்ணெய், மற்றவர்களுக்கு குளோர்ஹெக்சிடின் என்ற மருந்து நீர். நாற்றத்தைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமமாக நின்றன. இருபது பேரை வைத்துப் பெரிய தீர்ப்பு எழுத முடியாது என்பது உண்மைதான். ஆனால் குளோர்ஹெக்சிடினைத் தொடர்ந்து சில வாரங்கள் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கின் ருசியும் மாறும். நல்லெண்ணெயில் அந்தத் தொல்லை இல்லை. பிடித்தவர்கள் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை வாயில் விட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் நிதானமாக அலசி, பால்போல் வெளுத்து நீர்த்ததும் துப்பிவிடலாம். விழுங்கக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். உடம்பின் அத்தனை நோயும் போகும் என்று சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள்.

கடையில் விற்கும் வாய் கொப்பளிக்கும் நீரில் ஆல்கஹால் சேர்ந்தது உலர்ந்த வாயை மேலும் உலர்த்தும். துத்தநாகம் சேர்ந்தது பரவாயில்லை. அது கந்தக வாயுவைப் பிடித்து வாடையில்லாமல் ஆக்குகிறது. ஏலக்காய், கிராம்பு, சோம்பு மூன்றும் நல்லவை. வாசனையால் மறைப்பதோடு, மெல்லும்போது எச்சிலை ஊறவைக்கின்றன. சர்க்கரை மிட்டாயை நாளெல்லாம் அதக்கிக்கொண்டிருந்தால் நாற்றம் போகிறதோ இல்லையோ, சொத்தைப் பல் நிச்சயம்.

உணவுக்கு வருவோம். நாற்றம் தரும் உணவில் இரண்டு ஜாதி. கருவாடு போன்றவற்றின் வாடை பெரும்பாலும் வாயில் தங்கியது. கொப்பளித்து, பல்லும் நாக்கும் சுத்தம் செய்தால் பெரும்பகுதி போய்விடும். பூண்டு அப்படியல்ல. பூண்டிலிருந்து உண்டாகும் அல்லைல் மீத்தைல் சல்பைடு என்ற பொருளைக் குடலாலும் ஈரலாலும் எளிதில் உடைக்க முடிவதில்லை. அது ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது, வியர்வையிலும் வருகிறது. ஒரு நாள்கூட நீடிக்கும். பூண்டு ஊறுகாய் சாப்பிட்டுவிட்டு எத்தனை முறை பல் துலக்கினாலும் மறுநாள் காலை பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடுவது அதனால்தான்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் பாரிஞ்சர் என்ற உணவு விஞ்ஞானி இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். பால், ஆப்பிள், புதினா இலை, தயிர் ஆகியவை பூண்டு வாடையைக் குறைப்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின. கொழுப்பு எடுக்காத பால் கூடுதலாக வேலை செய்தது. பூண்டு சாப்பிட்ட பிறகு குடிப்பதைவிட, அதோடு சேர்த்துக் குடித்தது மேலும் நன்றாக வேலை செய்தது. பூண்டுக் குழம்புச் சாதத்துக்குப் பின் கெட்டித் தயிர் ஊற்றி ஒரு பிடி சாதம் சாப்பிடும் நம் வீட்டு வரிசையை எழுதிவைத்தவர் யாரென்று தெரியாது, விவரமானவர். பச்சைப் பூண்டைவிட நன்றாக வெந்த பூண்டின் வாடை குறைவு. நேர்முகத் தேர்வோ பெண் பார்க்கும் படலமோ இருந்தால் முதல் நாளே பூண்டை ஒதுக்கிவிடுங்கள்.

புகையிலை, ஹான்ஸ், சாராயம் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. வாயை உலர்த்துவதும் ஈறைக் கெடுப்பதும் நாறுவதும் மூன்றும் அவற்றில் சேர்ந்தே இருக்கின்றன.

வாசகியின் நூலில் பட்ட ரத்தத்தை மறந்துவிடவில்லை. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் காரை கட்டி, ஈறு பல்லைவிட்டு விலகி, அந்தப் பள்ளத்திலும் அதே காற்றில்லாப் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. அதை வீட்டில் எதைக்கொண்டும் எடுக்க முடியாது; பல் டாக்டர் கருவியால் காரையை எடுக்க வேண்டும். ‘கிளீன் பண்ணினா பல்லு ஆடும், இடைவெளி விழும்’ என்று அவரை யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். இடைவெளி காரை அடைத்துக்கொண்டிருந்த இடம். காரை போனதும் அது தெரிகிறது. ஆடுவது ஈறு நோயால். காரையைப் பிடித்துவைத்துப் பல்லை நிறுத்திக்கொள்வது நடக்காத காரியம்.

வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரவாயலில் மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரி. நூம்பல்காரர்களுக்கு இரண்டும் எட்டும் தூரம். வாசகி ஒரு விடுமுறை நாளில் போய்க் காரையை எடுத்துவிட்டு வந்தார். அலர்ஜிக்குப் பார்த்த டாக்டர் மாத்திரைக்குப் பதிலாக மூக்கில் அடிக்கும் ஸ்பிரே கொடுத்திருக்கிறார். தண்ணீர் பாட்டில் மெஷின் பக்கத்தில் வந்துவிட்டது. பாத்ரூம் விஷயத்தில் லைனில் உள்ள பெண்கள் சேர்ந்து பேசியதில் சூப்பர்வைசர் மணி பார்ப்பதைக் குறைத்துக்கொண்டாராம். அடுத்த முறை பேசியபோது, ‘மதியம் ஸ்பூன் வாடை இல்ல அக்கா. காலைல மட்டும் இருக்கு. அது எல்லாருக்கும் இருக்கிறதுதானே?’ என்றார். ஆமாம், எல்லோருக்கும் இருப்பதுதான்.

லூவன் பட்டியலில் எனக்கு வியப்பளித்த கூட்டத்துக்கு வருகிறேன். நாற்றம் என்று சொல்லி வந்தவர்களில் நூற்றுக்குப் பதினாறு பேர் அளவில், டாக்டர் மோந்தும் கருவி வைத்தும் நாற்றமே காணப்படவில்லை. எதிரில் நிற்பவர் மூக்கைத் தொட்டால்கூடத் தன் வாயால்தான் என்று நினைத்து ஒடுங்கிப்போகிறவர்கள் இவர்கள். உங்களுக்கு மட்டும் தெரிகிறது, வீட்டில் உண்மையைச் சொல்லக்கூடிய இரண்டு பேருக்குத் தெரியவில்லை என்றால், பேஸ்ட்டுக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் ஒருமுறை பேசுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

சர்க்கரை நோயாளி ஒருவரின் மூச்சில் திடீரென்று அழுகிய பழம்போல் வாடை வந்து, வாந்தியும் மேல்மூச்சும் சேர்ந்தால் அது பல் சமாசாரம் அல்ல. அந்த நேரமே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். சிறுநீரக நோயாளியின் வாயில் அம்மோனியா வாடை வந்தால் அவரைப் பார்க்கும் டாக்டருக்கு உடனே சொல்லுங்கள்.

பல் டாக்டரிடம் இதற்காகப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாணத்தால் பலர் நன்றாகத் துலக்கி, கொப்பளித்து, ஏலக்காய் மென்று, சென்ட் அடித்துக்கொண்டு போகிறார்கள். டாக்டரால் ஒன்றையும் கண்டுபிடிக்க முடிவதில்லை. இரண்டு நாள் முன்பிருந்தே பூண்டும் வெங்காயமும் வேண்டாம். அன்று காலை வாய் கொப்பளிக்கும் நீர், பாக்கு, மிட்டாய், சென்ட் எதுவும் வேண்டாம். தினமும் போடும் மாத்திரைகளின் அட்டையை அப்படியே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்